புதுப்பிப்பு: வெள்ளத்தில் நின்ற கார்

"நிறுத்தியிருந்த காரில் ஸ்டியரிங் வரை தண்ணீர் ஏறி வடிந்துவிட்டது. ஒருமுறை சாவி போட்டுப் பார்க்கலாமா?" போன வாரம் நான் கேட்டது.

போடவில்லை. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினேன்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் நிறமாக இல்லையென்றால் பயமில்லை என்றார் ஒருவர். பாதிதான் சரி. ஓடாத இன்ஜினில் தண்ணீர் ஆயிலோடு கலக்காது, அடியில்தான் தங்கும் என்று மெக்கானிக் அண்ணன் எழுதியிருந்தார். பார்த்தால், நிறம் அப்படியே இருந்தது. அளவு மட்டும் மேல்கோட்டுக்கு ஒரு விரல் மேலே. டிரெயின் போல்ட்டைத் தளர்த்தியதும் முதலில் கலங்கல் தண்ணீர், பிறகுதான் ஆயில்.

ஏர் பில்டரும் ஊறியிருந்தது. நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, கிராங்க் புல்லியை ஸ்பேனரால் மெதுவாகக் கையால் சுற்றினோம். மூன்றாவது ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியது. தண்ணீர் அமுங்காது. ஸ்டார்ட்டர் சுற்றியிருந்தால் கனெக்டிங் ராட் வளைந்திருக்கும். நினைத்தாலே பதறுகிறது.

ஓடும்போது தண்ணீரில் நின்றுபோன டீசல் காரைப் பற்றிக் கேட்டவருக்கு: அதில் ஸ்பார்க் பிளக் கிடையாது, குளோ பிளக்கைக் கழற்ற வேண்டும். ராட் ஏற்கெனவே வளைந்திருக்கவும் வாய்ப்புண்டு.

கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் கனெக்டர்களில் பச்சை பிடித்திருக்கிறது. சுத்தம் செய்தால் போதுமா, வயரிங்கையே மாற்றணுமா? பேட்டரியை இன்னும் இணைக்கவில்லை.