உதவி: விரும்பிய ஐகன் மதிப்புகள் வருகின்றன, விரும்பிய வெக்டர்கள் வரவில்லை

அணிப்பித்தன்:
நான் விரும்பும் ஐகன் மதிப்புகளும் விரும்பும் ஐகன் வெக்டர்களும் கொண்ட ஓர் அணியை உருவாக்க வேண்டும். பாடத்தில் உள்ளபடி A = PDP⁻¹ என்றுதான் கணக்கிட்டேன். மதிப்புகள் சரியாக 2, 5 என வருகின்றன. ஆனால் வெக்டர்கள் நான் கொடுத்தவை அல்ல. நாளைக் காலை ஒப்படைக்க வேண்டும்; தயவுசெய்து உதவுங்கள்.

தென்றல்72:
எந்த வெக்டர்களைக் கொடுத்தீர்கள், எவை திரும்பி வந்தன? கையால் கணக்கிட்டீர்களா, கணினி நிரல் எழுதினீர்களா? இவற்றைச் சொல்லாமல் யாரும் எதையும் கண்டுபிடிக்க இயலாது.

ராகவன்_பொறி:
இது எல்லோருக்கும் வரும் குழப்பம்தான். `eig` எப்போதும் வெக்டர்களின் நீளத்தை 1 ஆக்கித்தான் திருப்பித் தரும். உங்கள் விடை சரியாகவே இருக்கும். தொடக்கத்திலேயே வெக்டர்களின் நீளத்தை 1 ஆக்கிவிட்டால், நேர்மாறு காணும் வேலையும் மிச்சம். `P.T` போட்டாலே போதும்.

அணிப்பித்தன்:
மன்னிக்கவும், கணினி நிரல் இதுதான்.

```python
v1 = [3, 1]
v2 = [2, 1]
P = np.array([v1, v2])
D = np.diag([2, 5])
A = P @ D @ np.linalg.inv(P)
```

A = [[-4, 9], [-6, 11]] என்று வருகிறது. 2 என்ற மதிப்புக்குரிய வெக்டர் 0.8321, 0.5547. முன்பு [1, 1], [1, 2] என்ற வெக்டர்களை வைத்து A @ v1, A @ v2 இரண்டையும் பெருக்கிப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. ஆகவே முறையில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

மூத்தவர்_கணிதம்:
தம்பி, நிரை எது, நிரல் எது என்று பிரித்தறியாமல் நேரியல் இயற்கணிதத்துக்குள் இறங்கினால் இப்படித்தான் ஆகும். முதல் பருவப் பாடத்தை ஒருமுறை புரட்டிவிட்டு வந்து கேளுங்கள்.

தென்றல்72:
மூத்தவர் சுட்டிய இடம் சரிதான். சொன்ன விதத்தைப் பொருட்படுத்த வேண்டாம். முதலில் நீளம் பற்றிய ஐயத்தைத் தீர்த்துவிடுவோம். நீளம் மாறினாலும் உறுப்புகளின் விகிதம் மாறாது. நீங்கள் கொடுத்த [3, 1] இல் விகிதம் 3. உங்களுக்குக் கிடைத்ததில் 0.8321 ஐ 0.5547 ஆல் வகுத்தால் 1.5. எனவே அது [3, 2] இன் திசையே தவிர [3, 1] இன் திசை அல்ல.

[3, 2] எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். `np.array([v1, v2])` ஒவ்வொரு வெக்டரையும் ஒரு நிரையாக அடுக்குகிறது. அப்படி அடுக்கினால் P இன் முதல் நிரல் [3, 2], இரண்டாம் நிரல் [1, 1]. PDP⁻¹ எப்போதும் P இன் நிரல்களைத்தான் ஐகன் வெக்டர்களாக எடுத்துக்கொள்ளும். காரணம் எளிது. v1 முதல் நிரலாக நின்றால்தான் P⁻¹ அதை [1, 0] ஆக மாற்றும். பிறகு D அதை 2 மடங்காக்கும். P அதை மீண்டும் பழைய அச்சுகளுக்குக் கொண்டுவந்து 2·v1 ஆகத் தரும். நிரையாக வைத்துவிட்டால் முதல் படியே நடக்காது. மதிப்புகள் D இலிருந்து வருவதால், P தவறாக இருந்தாலும் அவை 2, 5 என்றே வரும். அதனால்தான் பிழை கண்ணில் படவில்லை.

உங்கள் பழைய சோதனை ஏன் தேறியது என்றால், [1, 1], [1, 2] என்பவற்றை நிரையாக வைத்தாலும் நிரலாக வைத்தாலும் அதே சமச்சீர் அணிதான் கிடைக்கும்.

```python
P = np.column_stack([v1, v2])
```

இப்போது A = [[-4, 18], [-3, 11]] என்று வர வேண்டும். அதை [3, 1] உடன் பெருக்கினால் [6, 2], [2, 1] உடன் பெருக்கினால் [10, 5].

ராகவன் சொன்ன `P.T` வழி, வெக்டர்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தால் மட்டுமே செல்லும். இங்கே 3×2 + 1×1 = 7, பூச்சியம் அல்ல. PDPᵀ எப்போதும் சமச்சீராக இருக்கும். சமச்சீர் அணியில் வெவ்வேறு மதிப்புகளின் வெக்டர்கள் செங்குத்தாகத்தான் இருக்கும். எனவே அந்த வழியில் இந்த இரண்டு வெக்டர்களையும் பெறவே முடியாது.

ராகவன்_பொறி:
நான் கட்டமைப்பு அதிர்வுக் கணக்குகளில் பார்த்தவை எல்லாம் சமச்சீர் அணிகளே. அங்கே இது எப்போதும் சரியாகத்தான் வரும்.

விரிவுரையாளர்_மு:
எனக்கும் இதே தேவைதான், ஆனால் வினாத்தாளுக்கு. மாணவர்கள் கையால் போடும் கணக்கில் பின்னங்கள் வரக் கூடாது. அதற்கு P இன் அணிக்கோவை 1 அல்லது −1 ஆக இருக்குமாறு வெக்டர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேலே உள்ள [3, 1], [2, 1] இல் அது 1 என்பதால்தான் முழு எண்களாக வந்திருக்கின்றன. வேறு வழியில்லை.

மூத்தவர்_கணிதம்:
"வேறு வழியில்லை" என்பது மிகை. [1, 1], [1, −1] என்ற வெக்டர்களையும் 2, 4 என்ற மதிப்புகளையும் எடுங்கள். அணிக்கோவை −2. ஆனால் அணி [[3, −1], [−1, 3]]. ஒரு பின்னமும் இல்லை. வெக்டர்கள் முழு எண்களாக உள்ள 2×2 அணியில், மதிப்புகளின் வேறுபாடு P இன் அணிக்கோவையால் வகுபட்டாலே போதும்.

விரிவுரையாளர்_மு:
ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஆனால் வினாத்தாளில் 3×3 அல்லவா கேட்கிறோம்? மூன்று மதிப்புகள் இருந்தால் எந்த வேறுபாட்டைப் பார்ப்பது? அணிக்கோவை 1 என்று வைத்துக்கொண்டால் இந்தக் கவலையே இல்லை.

மூத்தவர்_கணிதம்:
எல்லா வேறுபாடுகளும் வகுபட்டால் போதும். அதற்கும் குறைவாகவே போதுமா என்பது வெக்டர்களைப் பொறுத்தது. வினாத்தாளுக்கு உங்கள் வழி சோம்பேறித்தனமானது, ஆனால் தவறில்லை.

அணிப்பித்தன்:
`column_stack` போட்டேன், A நீங்கள் சொன்னபடியே வந்துவிட்டது. ஆனால் `w, V = np.linalg.eig(A)` கொடுத்து `V[0]` ஐ அச்சிட்டால், குறியை விட்டுப் பார்த்தாலும் 0.9487 உம் 0.8944 உம் சேர்ந்து வருகின்றன. இந்த விகிதம் 3 இல்லையே?

தென்றல்72:
அதே பிழை மறுமுனையில் வந்திருக்கிறது. `V` இலும் வெக்டர்கள் நிரல்களாகவே இருக்கும். `V[0]` முதல் நிரையைத் தருகிறது, அதில் இரு வெக்டர்களின் முதல் உறுப்புகளும் கலந்திருக்கின்றன. `V[:, 0]` என்று எடுங்கள். அது `w[0]` க்குரியது. மதிப்புகள் நீங்கள் கொடுத்த வரிசையிலேயே வரும் என்று எண்ண வேண்டாம்.

ஒன்று கேட்க வேண்டும். ஒப்படைக்கும் கணக்கிலும் இதே வெக்டர்கள்தானா? ஏறத்தாழ ஒரே திசையில் செல்லும் வெக்டர்களாக இருந்தால் சிக்கல் உண்டு. [1, 1], [1, 1.0001] என்று எடுத்து அதே 2, 5 ஐ வைத்தால் A = [[−29998, 30000], [−30003, 30005]]. இதில் முதல் உறுப்பை −29998.01 என்று 0.01 அளவு மாற்றினாலே மதிப்புகள் ஏறத்தாழ 20.9, −13.9 என்று போய்விடும். அப்படிப்பட்ட அணியை இரண்டு தசம இடங்களுக்குச் சுருக்கி ஒப்படைத்தால், திருத்துபவர் வேறு அணியைத்தான் காண்பார்.

அணிப்பித்தன்:
`V[:, 0]` சரியாக வந்தது. மிக்க நன்றி. ஒப்படைக்க வேண்டியது 4×4, வெக்டர்கள் தசமத்தில் கொடுக்கப்பட்டுள்ளன. போட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.

தென்றல்72:
முதலில் `np.linalg.cond(P)` என்ன தருகிறது என்று பாருங்கள். எண் ஆயிரக்கணக்கில் வந்தால் இங்கே எழுதுங்கள்.

விரிவுரையாளர்_மு:
இரண்டு நாள் ஆகிவிட்டது. அந்த எண் என்ன வந்தது, தம்பி?