பங்க் கேஜில் 30 என்றால் டயரில் எவ்வளவு?

பங்க்_சூப்பர்வைசர்

நான் ஒரு பெட்ரோல் பங்க்கில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். போன மாதம் ஒரு வாடிக்கையாளர் வந்து, "உங்க பையன் 32 வச்சான். வீட்டுக்குப் போய் என் கேஜில பார்த்தா 35 காட்டுது. வண்டி கல்லு மேல போற மாதிரி தூக்கிப் போடுது" என்றார். காற்றடிக்கும் பையனைக் கேட்டேன். அவன் நாசிலைக் கழற்றிக் காட்டி, "பாருங்கண்ணே, முள்ளு பூஜ்ஜியத்துலதான் நிக்குது. கேஜ் கரெக்ட்" என்றான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

என் மச்சான் ஒரு மில்லில் கருவிப் பிரிவில் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறைந்த நேரத்தில் பெட்டியோடு வந்துவிட்டார். பெட்டிக்குள் ஒரு டிஜிட்டல் ரெஃபரன்ஸ் கேஜ் (10 பார் வரை போகும், தப்பு 0.15 பிஎஸ்ஐக்குள், சான்றிதழும் கூடவே), ஒரு கைப் பம்ப், ஒரு டீ ஜாயிண்ட். நான் ஒரு காரை நிறுத்தி, முதலில் இந்தக் கேஜ், அடுத்து அந்தக் கேஜ் என்று வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். வேண்டாம் என்றார். ஒவ்வொரு முறை வால்வில் வைத்து எடுக்கும்போதும் கொஞ்சம் காற்று போகும், அப்புறம் இரண்டும் ஒரே அழுத்தத்தைத்தான் பார்த்தன என்று எப்படிச் சொல்வது? எங்கள் கேஜை ஹோஸோடு டீயின் ஒரு பக்கமும் ரெஃபரன்ஸை மறுபக்கமும் மாட்டினார். ஜாயிண்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்தார்.

முதல் அடியிலேயே விஷயம் வெளியே வந்துவிட்டது. மெதுவாகப் பம்ப் அடிக்கிறார், ரெஃபரன்ஸ் 1 காட்டுகிறது, 2 காட்டுகிறது, எங்கள் முள் அசையவே இல்லை. 2.5 தாண்டிய பிறகுதான் எழுந்தது. பூஜ்ஜியத்தில் ஒரு சின்ன ஆணி இருக்கிறது, முள் அதன் மேல் சாய்ந்துகொண்டு இருந்திருக்கிறது. ஆணி இல்லாவிட்டால் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய் நின்றிருக்கும்.

அப்புறம் ஒவ்வொரு கோடாகப் பார்த்தோம். எங்கள் டயலில் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 5 பிஎஸ்ஐ. நடுவில் நின்றால் கண்ணால் ஊகிக்கத்தான் முடியும். அதனால் எங்கள் முள்ளைச் சரியாகக் கோட்டில் நிறுத்திவிட்டு, ரெஃபரன்ஸில் எண்ணைப் படித்தார். ஒவ்வொரு இடத்திலும் சில விநாடி பொறுத்து, கண்ணாடியை விரலால் லேசாகத் தட்டிவிட்டுப் படித்தார். ஏறும்போது முள் 20-இல் நின்றால் ரெஃபரன்ஸ் 22.6. 30-க்கு 32.7. 35-க்கு 37.8. 60-க்கு 62.6. அங்கிருந்து இறக்கிக்கொண்டு வந்தபோது 35-க்கு 36.9, 30-க்கு 31.9.

ஆக எங்கள் கேஜ் குறைத்துக் காட்டுகிறது, டயரில் காற்று கூடப் போகிறது. வாடிக்கையாளர் சொன்னது சரி. ஆனால் மச்சான் டயலின் அடியில் பொடியெழுத்தில் இருந்த "கிளாஸ் 1.6" என்பதைக் காட்டி, "இது தயாரிச்சவன் சொன்ன அளவுக்குள்ளதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதுதான் எனக்கு மண்டையில் ஏறவில்லை.

மைலேஜ்_கணக்கு

மச்சான் தப்பாகச் சொல்கிறார். கிளாஸ் 1.6 என்றால் 1.6 சதவீதம். 30-இல் 1.6 சதவீதம் அரை பிஎஸ்ஐகூட வராது. உங்கள் கேஜ் 2.7 தப்பு. தூக்கிப் போடுங்கள். ஆணி விஷயத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன், நானும் பூஜ்ஜியத்தைப் பார்த்தே நம்பிக்கொண்டிருந்தேன்.

பழைய_லேப்காரி

அளவுத்திருத்த லேபில் 20 வருடத்துக்கு மேல் இருந்தவள். 1.6 சதவீதம் என்பது சரி, எதில் 1.6 என்பதுதான் தவறு. அது முள் காட்டும் எண்ணில் அல்ல, டயலின் கடைசி எண்ணில். சூப்பர்வைசர் தம்பி, உங்கள் டயல் எதுவரை போகிறது? பங்க்குகளில் பெரும்பாலும் நான் பார்த்தது 16 பார். உங்களுடையதும் அப்படியென்றால், 16-இல் 1.6 சதவீதம் 0.256 பார், அதாவது 3.7 பிஎஸ்ஐ. அந்த 3.7 டயல் முழுக்க ஒரே அளவுதான். 200 பிஎஸ்ஐயில் அது ஒன்றுமே இல்லை. 30 பிஎஸ்ஐயில் எட்டில் ஒரு பங்கு. உங்கள் 2.7 அதற்குள் வந்துவிடுகிறது, மச்சான் சொன்னது அதைத்தான்.

ஆனால் அது ஒரு பொது பிரஷர் கேஜுக்கான விதி. வண்டி டயருக்கென்றே பன்னாட்டுச் சட்ட அளவியல் அமைப்பின் பரிந்துரை ஒன்று தனியாக இருக்கிறது, ஆர் 23 என்பார்கள். ஐரோப்பாவும் 1986-இல் இதே அளவுகளை எடுத்துக்கொண்டது. அதில் சதவீதமே கிடையாது. 4 பார் வரை தப்பு 0.08 பாருக்குள் இருக்க வேண்டும், அதற்கு மேல் 10 பார் வரை 0.16. 0.08 என்பது 1.2 பிஎஸ்ஐகூட இல்லை. உங்கள் கேஜ் அங்கே தோற்றுவிடும். ஒரே கேஜ், ஒரே 2.7. டயலில் அச்சிட்டதை வைத்துக் கேட்டால் பாஸ், டயரை வைத்துக் கேட்டால் ஃபெயில்.

பங்க்_சூப்பர்வைசர்

ஆமாம் அக்கா, 16 பார்தான். இப்போதுதான் போய்ப் பார்த்தேன். கார், பைக் எல்லாம் டயலின் முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

பத்துச்சக்கரம்

அந்தப் பெரிய டயல் எங்களுக்காகத்தான் தம்பி. நாங்கள் 110, 120 வைப்போம். நான் கேஜே பார்ப்பதில்லை, லீவரை எடுத்து டயரில் ஒரு தட்டு. சத்தத்திலேயே தெரிந்துவிடும். இரட்டை டயரில் உள்பக்கம் காற்று இறங்கியிருந்தால் வேறு எப்படிப் பார்ப்பது? ஒன்று கேட்கிறேன், 60-க்கு மேல் ஏன் பார்க்கவில்லை? எங்கள் கணக்கு என்ன ஆவது?

ஊட்டி_போனவன்

எனக்கும் இதே பிரச்சினை. மேட்டுப்பாளையத்தில் 33 வைத்துக்கொண்டு ஊட்டி ஏறினேன். அங்கே ஒரு பங்க்கில் பார்த்தால் 36. என் காரின் திரையில் டயர் சென்சார் 33 என்கிறது. ஊட்டி பங்க் கேஜும் உங்களுடையது மாதிரி கெட்டதுதானே?

பழைய_லேப்காரி

உங்களுடையது வேறு கதை. மேட்டுப்பாளையத்திலிருந்து 2200 மீட்டருக்கு மேலே ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தமே 0.2 பார் அளவு குறைந்துவிடும். கேஜ் காட்டுவது டயருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை, அதனால் ஒரு துளி காற்றடிக்காமலே ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ கூடும். குளிர் அதில் கொஞ்சத்தைத் திருப்பிப் பிடுங்கும், மலையேறிய சூடு கொஞ்சம் கூட்டும். சில சென்சார்கள் உள்ளே இருக்கும் மொத்த அழுத்தத்தை அளந்து, கடல்மட்டக் காற்றைக் கழித்துக் காட்டுகின்றன. அவற்றுக்கு மலை தெரியாது. உங்கள் வண்டியில் எந்த வகை என்று எனக்குத் தெரியாது. அந்த பங்க்காரரைத் திட்டாமல் இருங்கள், அவ்வளவுதான்.

சூப்பர்வைசர் தம்பி, நீங்கள் எழுதியதில் இறங்கும்போது எடுத்த எண்களை யாரும் கவனிக்கவில்லை. உங்கள் பையன் ட்ரிகரை அழுத்தும்போது கேஜ் எதைக் காட்டுகிறது?

பங்க்_சூப்பர்வைசர்

முள் சரேலென்று நூறுக்கு மேல் போகும். கையை எடுத்ததும் கீழே வந்து டயர் அளவில் நிற்கும்.

பழைய_லேப்காரி

அப்படியென்றால் உங்கள் பங்க்கில் ஒவ்வொரு டயரும் இறங்கும் பக்கத்தில்தான் படிக்கப்படுகிறது. உள்ளே இருக்கும் வளைந்த பித்தளைக் குழாய் மேலே போய்விட்டுத் திரும்பும்போது கொஞ்சம் சோம்பேறித்தனம் செய்யும், முள் சற்று மேலேயே தங்கிவிடும். மச்சான் ஏறும்போது கண்ட 2.7 உங்கள் வேலைக்குப் பெரிதாக உதவாது. இறங்கும்போது கண்ட 1.9தான் டயருக்குப் போகும் தப்பு. அதிலும் அவர் 60 வரைதான் போனார். கம்ப்ரசர் அழுத்தம் வரை போய் இறங்கினால் வேறு எண் வரலாம்.

மைலேஜ்_கணக்கு

சரி, கடைசி எண்ணில்தான் சதவீதம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பங்க்கில் 32, வீட்டில் 35. வித்தியாசம் 3. உங்கள் கணக்கில் 1.9தான் வருகிறது. மீதி எங்கே?

பழைய_லேப்காரி

வீட்டுக் கேஜை யார் சோதித்தது? அல்லது வீட்டுக்கு ஓட்டிப்போனதில் டயர் சூடாகியிருக்கலாம். இரண்டில் எது என்று இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது.

பங்க்_சூப்பர்வைசர்

நேற்று மச்சானை மறுபடி வரவழைத்தேன். பத்துச்சக்கரம் அண்ணன் கேட்டதால் 110 வரை போனோம். கைப் பம்பில் அவருக்கு மூச்சு வாங்கிவிட்டது. முள் 110-இல் நின்றபோது ரெஃபரன்ஸ் 112.4. அங்கிருந்து இறக்கி 30-க்கு வந்தபோது 31.5. அக்கா சொன்னது போலவே 1.9 இல்லை, 1.5.

லாரிக்கு 0.16 பார் என்றால் 2.3 பிஎஸ்ஐ. 2.4 வந்திருக்கிறது. ரெஃபரன்ஸின் சொந்தத் தப்பே 0.15 இருக்கலாம் என்பதால் இதைப் பாஸ் என்றோ ஃபெயில் என்றோ எழுத மாட்டேன் என்று மச்சான் கையைத் தூக்கிவிட்டார்.

முள்ளைக் கழற்றித் தள்ளி மாட்டலாமா என்று கேட்டேன். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைவதால் முள் நகர்ந்திருக்கத்தான் வாய்ப்பு, யாரோ கீழே போட்டிருப்பார்கள் என்றார். நாங்களாகத் திறக்காமல் கேஜை மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். காருக்குத் தனியாக 4 பார் கேஜ் வைத்தால் அதே கிளாஸ் 1.6-இலேயே 0.064 பாருக்குள் வந்துவிடும், விலையும் அதிகமில்லை. சிக்கல் என்னவென்றால் எங்கள் லைன் அழுத்தம் அதைவிட இரண்டு மடங்கு. ட்ரிகரை அழுத்திய முதல் நாளே முள் கடைசி ஆணியில் போய் மோதும்.

பத்துச்சக்கரம்

லாரிக்கு ஒரு ஹோஸ், காருக்கு ஒரு ஹோஸ் வைத்து, கார் பக்கம் ஒரு ரெகுலேட்டர் போடுங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பங்க்கில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

பங்க்_சூப்பர்வைசர்

முதலாளியிடம் கேட்டுப் பார்க்கிறேன் அண்ணே. அதுவரை கேஜுக்குப் பக்கத்தில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன்: "காருக்கு 1½ குறைத்து வை." பையன் அதை எல்லா வண்டிக்கும் செய்கிறானா என்று வேறு பார்க்க வேண்டும்.