சவுண்ட் செக் ஓவர்லாப்: தமிழில் என்ன சொல்வது?

இந்திராநகர்: பெங்களூர் அரண்மனை மைதானத்தில் நடக்கும் இரண்டு மேடை இசைவிழாவுக்கு நேர அட்டவணைக் கையேடு தமிழில் எழுதுகிறோம். ஒரு மேடையில் கச்சேரி நடக்கும்போதே இன்னொரு மேடையில் சவுண்ட் செக் வருவதை 'ஒலிச்சோதனை மேற்பொருந்தல்' என்று போடலாமா?

அல்சூர்: வேண்டாம் ஐயா. மேற்பொருந்துதல் பள்ளி இயற்பியலில் அலைகள் ஒன்றுசேர்வதற்கான சொல். படிப்பவர் ஸ்பீக்கரைப் பற்றித்தான் பேச்சு என்று நினைத்துக்கொள்வார். தவிர, எல்லா ஓவர்லாப்பும் தப்பில்லை. முதல் மேடையில் 5:00 முதல் 5:45 வரை வீணை. அப்போது இரண்டாம் மேடையில் ஒவ்வொரு மைக்கும் மிக்ஸருக்கு வந்து சேர்கிறதா என்று ஹெட்ஃபோனில் கேட்பார்கள், ஸ்பீக்கர் ஊமையாக இருக்கும். அது லைன் செக், தொல்லையே இல்லை. கிக் டிரம்மை ஸ்பீக்கரில் திறந்துவிட்டால்தான் வம்பு. தாழ்ந்த ஒலி எல்லாப் பக்கமும் பரவும், வீணைக்கு அடியில் 'தம் தம்' என்று கேட்கும். நேரம் ஒன்றின்மேல் ஒன்று விழுவதற்கு 'நேரக்கவிவு', காதில் விழும் தொல்லைக்கு 'ஒலிக்கசிவு' என இரண்டு சொற்கள் வேண்டும்.

ஜெயநகர்: எல்லா செக்கையும் காலையிலேயே முடித்துவிட்டால் இந்தச் சொல்லே தேவைப்படாதே! கடைசியில் பாடும் குழுவுக்கு முதலில் செக், முதலில் பாடும் குழுவுக்குக் கடைசியில்.

அல்சூர்: வரிசை சரிதான். கடைசியாகச் சோதித்தவர்களின் மைக், ஆம்ப் எல்லாம் மேடையிலேயே இருக்கும், அவர்களே நேராகத் தொடங்கலாம். ஆனால் காலையில் ஊரில் இருப்பவர்களுக்குத்தான் அது ஒத்துவரும். சென்னையிலிருந்து வரும் குழு 3:10-க்குத் தேவனஹள்ளி விமான நிலையத்தில் இறங்குகிறது என்று வையுங்கள். பெட்டிகள் வர 40 நிமிடம், மாலை நெரிசலில் ஹெப்பாள் தாண்டி வர 90 நிமிடம், மேடையில் அடுக்க 20. ஆக 5:40. அரை மணி செக் என்றால் 6:10, கச்சேரி 6:15. வண்டி அரை மணி தாமதித்தால் செக்கே கிடையாது, 5 நிமிட லைன் செக்தான். இரவு 10-க்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும் என்பதால் தாமதத்தைப் பின்னால் தள்ளவும் இடமில்லை. அதனால் செக் நேரத்தைக் கச்சேரியிலிருந்து பின்னோக்கி எண்ணாதீர்கள், வருகையிலிருந்து முன்னோக்கி எண்ணுங்கள்.

மல்லேஸ்வரம்: எங்கள் சபாவில் தம்புரா, மிருதங்கம் சுருதி சேர்க்கவே கால் மணி ஆகிறது. அதையும் நேரக்கவிவு என்பீர்களா?

இந்திராநகர்: அம்மா, அது ஒரே மேடை. அடுத்த மேடை இருந்தால்தான் கேள்வியே எழும். ஆனால் அடுக்கும் 20 நிமிடத்துக்குள் சுருதி அடங்காது, அதைத் தனியாகக் கணக்கிட வேண்டும் என்பது நல்ல எச்சரிக்கை.

அல்சூர்: கவிவைக் கண்டுபிடிக்க விரிதாளில் ஒரு வரி போதும். B, C-யில் செக்கின் தொடக்கம், முடிவு. D, E-யில் அடுத்த மேடைக் கச்சேரியின் தொடக்கம், முடிவு.

```
=AND(B2<E2, D2<C2)
```

TRUE வந்தால் நேரக்கவிவு. ஒலிக்கசிவு உண்டா என்பதை இது சொல்லாது, அதற்கு அது ஸ்பீக்கர் செக்கா லைன் செக்கா என்று தனிப் பத்தியில் குறிக்க வேண்டும்.

ஜெயநகர்: 'கவிவு' என்றால் மேகம் கவிவதுதான் நினைவுக்கு வருகிறது. மேடைப் பையன்கள் 'ஓவர்லாப்' என்றுதான் சொல்வார்கள்.

இந்திராநகர்: 'ஒலிக்கசிவு' உறுதி. பத்தித் தலைப்பில் இப்போதைக்கு 'ஓவர்லாப்', இன்னொரு சொல் யாராவது தந்தால் மாற்றுகிறேன். லைன் செக்குக்கு 'கம்பிச் சோதனை' என்றால் மின்வாரியம் மாதிரி இருக்கிறதே?