உருளைக்கிழங்கு போண்டா: மசாலாவை ஒட்டிய மாவு மட்டும் வேகவே மாட்டேன் என்கிறது

எடுத்தவுடன் மேலே மொறுமொறுவென்றுதான் இருக்கிறது. பிட்டுப் பார்த்தால் மசாலாவைச் சுற்றி மெல்லிய வளையமாக ஈர மாவு, விரலில் பிசுபிசுவென ஒட்டுகிறது. பத்து நிமிடத்தில் மேல்தோலும் தொய்ந்துவிடுகிறது. மூன்று வாரமாக இதே கதைதான்.

அளவு: 1 கப் கடலை மாவு, 2 மேசைக்கரண்டி அரிசி மாவு, சிட்டிகை சமையல் சோடா, முக்கால் கப்புக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். உருண்டை எலுமிச்சை அளவு.

அரிசி மாவை இரட்டிப்பாக்கினேன். தோல் கடினமானது, வளையம் போகவில்லை. மாவைத் தளர்த்தினால் பூச்சு வழுக்கி, மசாலா எண்ணெயில் பிரிகிறது. சோடாவைக் கூட்டினால் எண்ணெய் குடிக்கிறது. புகையும் எண்ணெயில் ஒரே நிமிடத்தில் சிவந்துவிட்டது, உள்ளே பச்சை. மிதமான தீயில் 4, 5 நிமிடம் விட்டதில்தான் வளையம் பாதியாகக் குறைந்தது.

கிழங்கைத் தோல் சீவி, நறுக்கித் தண்ணீரில் வேகவைக்கிறேன். மசாலா சூடாக இருக்கும்போதே உருட்டியவற்றில் வளையம் இன்னும் தடிமன். அதனால் கிழங்கின் ஈரம்தான் மாவை வேகவிடாமல் தடுக்கிறது என்று சந்தேகம்.

கிழங்கை முழுசாகத் தோலோடு வேகவைத்து ஆறவிடுவதா, உருண்டையை உலர்ந்த கடலை மாவில் புரட்டி எடுத்துப் பிறகு முக்குவதா, இந்த வளையத்தைப் போக்க உங்கள் கையில் எது பலித்தது?