‘கீழ்வீடு’ கதையும் யூனிட் எட்டு ரூபாயும்

பாளைவாசி:
போன வாரம் இங்கே பகிரப்பட்ட ‘கீழ்வீடு’ சிறுகதையை ஆளாளுக்குத் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறீர்கள். “தனியாக இருக்கும் ஆச்சி வாடகைக்கு வந்த இளம் குடும்பத்தை நம்பக் கற்றுக்கொள்கிறாள்” என்று ஒருவர் உருகுகிறார். கதையைப் படித்தீர்களா? ஆச்சி யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்குகிறாள். அரசாங்கம் 100 யூனிட் இலவசமாகக் கொடுக்கிறது. இது நம்பிக்கையின் கதையா, கொள்ளையின் கதையா?

ஓய்வு ரீடிங்காரர்:
வீடு வீடாக ஏறி இறங்கி ரீடிங் எடுத்தே வேலைக்காலம் முழுவதையும் ஓட்டியவன் நான். அந்த எட்டு ரூபாயை ஆச்சி கனவில் கண்டு எழுதவில்லை. கதை நடப்பது 2023. 2022 செப்டம்பரில் கட்டணம் உயர்ந்த பிறகு, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் 501-இலிருந்து 600 வரை யூனிட்டுக்கு அப்போது எட்டு ரூபாய். ஏப்ரல், மே மாதங்களில் மேலும் கீழும் ஃபேன் ஓடி, மோட்டாரும் ஓடி 520 யூனிட் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாக 500-இல் நின்றிருந்தால் பில் 1,725 ரூபாய். 520 என்றால் 2,110. இருபது யூனிட்டுக்கு 385 ரூபாய் கூடுகிறது. ஏனென்றால் 500-ஐத் தாண்டியதும் 101-இலிருந்து 200 வரை இருந்த இரண்டே கால் ரூபாய் விலையும் நாலரை ஆகிவிட்டது. ஒரு கோடையில் இந்த அடி வாங்கிய வீட்டுக்காரர் யாராக இருந்தாலும் அந்தக் கடைசி எட்டு ரூபாயைத்தான் மனசில் வைத்துக்கொள்வார். ஆச்சியும் அதைத்தான் செய்தாள்.

பாளைவாசி:
கோடைக் கதை வேண்டாம். கதையில் வருவது அக்டோபர் பில். மேலே ஆச்சி 120 யூனிட், கீழே வாடகைக்கு இருக்கும் மாரி 260. மொத்தம் 380. பில் 1,035 ரூபாய். மாரி கொடுத்தது 260 பெருக்கல் எட்டு, 2,080. ஆச்சிக்குத் தன் கரண்டும் ஓசி, கையில் ஆயிரத்து நாற்பத்தைந்து லாபமும். ஓய்வு பெற்றவருக்குக் கழித்தல் மறந்துவிட்டதா?

ஓய்வு ரீடிங்காரர்:
கழித்தல் எனக்கு நன்றாக வரும். ஆச்சி கூடுதலாக வாங்கினாள். அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் ‘சரியான தொகை’ எது என்று நீங்கள் சொல்லுங்கள். ஆச்சி தனியாக 120 யூனிட் ஓட்டியிருந்தால் 45 ரூபாய்தான் கட்டியிருப்பாள். அப்படிப் பார்த்தால் மாரி வந்ததால் கூடியது 990. மொத்த பில்லை யூனிட் கணக்கில் பங்கு போட்டால் மாரியின் பங்கு 708 ரூபாய்தான். அந்த 100 இலவச யூனிட் ஆச்சிக்கு உரியதா, இரண்டு குடும்பத்துக்கும் பொதுவா? பெரும்பாலும் அதில்தான் இந்த வித்தியாசம் இருக்கிறது. மின்வாரியம் வீட்டுக்குள் தனியாக மாட்டிய சப்-மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மெயின் மீட்டருக்குத்தான் பில்.

தச்சநல்லூர் செல்வி:
வாடகை வீட்டிலேயே வாழ்கிறவள் நான், அதனால் கேட்கிறேன். கீழ்வீட்டுக்குத் தனி ஈ.பி. சர்வீஸ் வாங்கிக் கொடுத்திருந்தால் இந்தப் பேச்சே வராதே? கீழே தனி வாசல், தனி அடுப்படி எல்லாம் இருக்கிறது என்றுதான் கதை சொல்கிறது. நாங்கள் முன்பு இருந்த வீட்டிலும் இதே எட்டு ரூபாய்தான். மீட்டர் சும்மாவே ஓடியது. எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் பார்த்தோம், அப்போதும் மீட்டர் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னால், “உங்களுக்கு முந்தி இருந்தவங்க ஒண்ணும் சொல்லலையே” என்றார். மாடிப்படி லைட்டும் மோட்டாரும் எங்கள் வயரில் கோர்த்திருந்தது என்று பிறகு எலக்ட்ரீஷியன் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. அந்தப் பணம் திரும்பி வரவே இல்லை.

ஓய்வு ரீடிங்காரர்:
செல்வி, உங்கள் வீட்டில் நடந்தது திருட்டு, அதில் சந்தேகமே இல்லை. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் சப்-மீட்டர் விளக்கு மினுக்கினால் வேறு யாருடைய சுமையோ அதில் ஏறியிருக்கலாம். ஆனால் ஆச்சி ஏன் தனி சர்வீஸ் வாங்கவில்லை என்பதற்குக் கதையிலேயே காரணம் இருக்கிறது. ஈ.பி. அட்டை இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில்தான். பட்டாசலில் அவர் படத்துக்குப் பின்னால் அந்த வெள்ளை அட்டையைச் செருகி வைத்திருக்கிறாள். பெயர் மாற்ற வேண்டுமென்றால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும், மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். மகன் வெளிநாட்டில். அவன் கையெழுத்துக்கு ஆச்சி கெஞ்ச விரும்பவில்லை. வீடு யார் பேருக்கு என்ற பேச்சு அதில்தான் தொடங்கும் என்று அவளுக்குப் பயம். இந்த இடத்தை எழுதியவர் நன்றாக அறிந்து எழுதியிருக்கிறார்.

பாளைவாசி:
மகன் கையெழுத்துப் போடாததற்கு மாரி யூனிட்டுக்கு எட்டு ரூபாய் கொடுக்க வேண்டுமா? என்ன நியாயம் ஐயா இது!

கல்லிடைக் கணேசன்:
எனக்கு வேறு சந்தேகம். மூட்டுவலி ஆச்சி மச்சில் இருந்துகொண்டு கீழ்வீட்டை வாடகைக்கு விடுவாளா? எங்கள் பக்கம் பெரியவர்கள் கீழேதான் இருப்பார்கள். அப்புறம், சாதாரண செவ்வாய்க்கிழமையில் சொதி வைத்துக் கீழே கொடுத்தனுப்புகிறாள். சொதி கல்யாணம் முடிந்து மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு வைப்பது. எழுதியவர் திருநெல்வேலிக்காரர்தானா?

தச்சநல்லூர் செல்வி:
அண்ணாச்சி, வீட்டில் தேங்காய் இருந்தால் எந்தக் கிழமையும் சொதி வைக்கலாம். இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் சேர்ந்தால் போதும். மறுவீட்டுக்குக் காத்திருந்தால் நாங்கள் சொதியே சாப்பிட முடியாது.

கல்லிடைக் கணேசன்:
வைக்கலாம், யார் வேண்டாம் என்றது? ஆனால் அதற்கு மதிப்பு இருக்காது. நான் சொல்வது மரபு.

ஓய்வு ரீடிங்காரர்:
கணேசன், மாடி விஷயத்துக்குப் பதில் சொல்கிறேன். வீடு சிந்துபூந்துறையில், ஆற்றுப் பக்கம். குடிதண்ணீர்க் குழாய், தொட்டி, அங்கணம் எல்லாம் கீழே. அதனால் கீழ்வீட்டுக்குத்தான் வாடகை கூட. அந்த வாடகைதான் ஆச்சிக்கு மாத்திரை, அரிசி எல்லாம். மூட்டு வலித்தாலும் ஏறித்தான் ஆக வேண்டும். அதோடு வெள்ளம் வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். 1992 வெள்ளத்தைப் பார்த்தவள் அவள்.

இப்போது பாளைவாசிக்கு வருகிறேன். நீங்கள் எட்டு ரூபாயைப் பிடித்துக்கொண்டு கதையின் நடுப்பகுதியையே விட்டுவிட்டீர்கள். ஒவ்வொரு இரண்டு மாதமும் ஆச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வருவாள். மாடிப்படிக்கு அடியில் சப்-மீட்டர். டார்ச் அடித்து எண்ணைப் பார்ப்பாள். மாரியையும் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வாள். பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் தானே பார்ப்பாள். நோட்டில் தேதி, எண், யூனிட், எட்டால் பெருக்கிய தொகை என்று நாலு கட்டம். மாரி வாசித்த எண்ணை ஒரு தடவைகூட அப்படியே எழுதியது இல்லை. அக்டோபரில் ஆச்சியின் பட்டன் போனுக்கு பில் தகவல் வருகிறது. எழுத்துத் தெரியவில்லை என்று மாரியிடம் நீட்டுகிறாள். மாரி 1,035 என்று வாசித்து, ஆச்சியிடம் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு தன் போனிலேயே கட்டிவிடுகிறாள். அடுத்த நாள் 2,080-ஐ எண்ணிக் கொடுக்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

பாளைவாசி:
அதைத்தான் நானும் சொல்கிறேன்! ஆயிரம் ரூபாய் அநியாயமாகப் போகிறது என்று தெரிந்தும் எந்தப் பெண் பேசாமல் இருப்பாள்? எழுதியவர் வாடகைக்காரியைப் பொம்மையாக்கிவிட்டார்.

தச்சநல்லூர் செல்வி:
பேசாமல்தான் இருப்போம். பிள்ளை பக்கத்துப் பள்ளியில் படிக்கிறான், மூன்று மாத அட்வான்ஸ் அவர்கள் கையில், பதினொரு மாத அக்ரிமெண்ட் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. பேசினால் “வேற வீடு பாத்துக்கோ” என்று ஒரே சொல். நீங்கள் சொந்த வீட்டில் இருப்பதால் இது உங்களுக்குப் பொம்மைத்தனமாகத் தெரிகிறது.

பாளைவாசி:
என் வீட்டைப் பற்றிப் பேச வேண்டாம். போன வருடமும் நீங்கள் இப்படித்தான் ஆளைப் பார்த்துப் பேசினீர்கள், நான் மறக்கவில்லை.

ஓய்வு ரீடிங்காரர்:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில் கதை திரும்புகிறது. ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. மாரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுகிறாள். எல்லோரும் இந்த இடத்தைத்தான் திருப்புமுனை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெள்ளத்தில் யாரும் யாருக்கும் கதவு திறப்பார்கள். தண்ணீர் வடிந்த பிறகு வருவதுதான் திருப்பம். சப்-மீட்டர் டிஜிட்டல். திரை செத்துக் கிடக்கிறது. எண் இல்லை. ஆச்சி நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, “கடைசியா எம்புட்டு இருந்துச்சு?” என்கிறாள். மாரி ஒரு எண் சொல்கிறாள். ஆச்சி எழுதிக்கொள்கிறாள்.

கல்லிடைக் கணேசன்:
பழைய சக்கர மீட்டராக இருந்தால் எண் அழியாது. எங்கள் தோட்டத்தில் ஒன்று சேற்றில் கிடந்தது, கழுவிப் பார்த்தால் எண் அப்படியே இருந்தது.

ஓய்வு ரீடிங்காரர்:
சரிதான். அதனால்தான் எழுதியவர் டிஜிட்டல் என்று எழுதினார். ஆனால் ஒன்று கவனியுங்கள். மெயின் மீட்டர் வாசலில் தலை உயரத்தில் இருக்கிறது, அது நனையவில்லை. அதில் கூடிய யூனிட்டிலிருந்து தன்னுடைய வழக்கமான 120-ஐக் கழித்தால் கீழ்வீட்டுக் கணக்கு கிட்டத்தட்ட வந்துவிடும். ரீடிங் எடுக்க வருகிறவனுக்கும் தெரியும், ஆச்சிக்கும் தெரியும். டார்ச் அடித்து இரண்டு தடவை பார்த்தவள் வாசலுக்குப் போய்ப் பார்க்கவில்லை. அதைத்தான் நான் நம்பிக்கை என்கிறேன். தொகைக் கட்டத்தையும் அவள் நிரப்பவில்லை, காலியாக விடுகிறாள்.

பாளைவாசி:
காலியாக விட்டால் என்ன அர்த்தம்? எட்டா, நாலா, ஒன்றும் வேண்டாமா? எழுதியவர் தைரியமாக ஒரு எண்ணைப் போட்டிருக்க வேண்டும். முன்பு வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தாளா? அதுவும் இல்லை. எட்டு ரூபாய் எட்டு ரூபாய்தான்.

தச்சநல்லூர் செல்வி:
இந்த ஒன்றில் பாளைவாசி சொல்வது எனக்கும் உறுத்துகிறது. ஆச்சி நம்பியது சரி. மாரி ஆச்சியை நம்பினாளா என்று கதை கேட்கவே இல்லை. எண்ணைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருந்தால்கூட நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

ஓய்வு ரீடிங்காரர்:
குறைத்துச் சொல்லவில்லை செல்வி. மெயின் மீட்டரில் கூடியது 300. வெள்ளத்துக்கு முந்தைய பக்கத்தில் அந்த எண் வருகிறது. ஆச்சியின் 120 போனால் 180. மாரி சொன்ன எண்ணிலிருந்து நோட்டில் இருந்த முந்தைய எண்ணைக் கழித்தால் 186. தனக்கு எதிராகவே ஆறு யூனிட் கூடச் சொல்லியிருக்கிறாள்.

பாளைவாசி:
ஆறு பெருக்கல் எட்டு நாற்பத்தெட்டு ரூபாய். அதையும் ஆச்சியே வாங்கிக்கொண்டாள் போல.

கல்லிடைக் கணேசன்:
சொதிக்கு இன்னும் யாரும் ஒழுங்கான பதில் சொல்லவில்லை.

ஓய்வு ரீடிங்காரர்:
பாளைவாசி, 186 எப்படி வந்தது என்று கதையின் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நாளை எழுதுங்கள். அதுவரை எட்டு ரூபாயை நான் பேசப்போவதில்லை.

பாளைவாசி:
நான் பேசுவேன்.