புதுப்பிப்பு: செகிரோ வீடியோ கேமில் பாரியா, பிளாக்கா, டாட்ஜா?

"L1-ஐ அழுத்திப் பிடித்தாலே அடி விழவில்லையே, அப்புறம் எதற்கு டைமிங் பார்த்து பாரி செய்யணும்?" என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன்.

என்னைத் திணறடித்த பாஸ் கெனிச்சிரோ ஒருவழியாக விழுந்துவிட்டான். உயிர்க்கோடு வேண்டாம், தடுமாற்றத்தைக் காட்டும் பாஸ்ச்சர் கோட்டைப் பார் என்று ஒருவர் எழுதியதுதான் உதவியது. அவன் தொடர் வெட்டுகளை L1-ஐப் பிடித்தபடி பிளாக்கில் வாங்கினால் உயிர் குறையாது. ஆனால் நம் பாஸ்ச்சர் மளமளவென ஏறும், நிரம்பியதும் தடுமாறித் திறந்து நிற்போம். கத்தி தொடுவதற்குச் சற்று முன் அழுத்தினால் அதுதான் பாரி, அப்போது அவனுடையது ஏறுகிறது. நம்முடையதும் கொஞ்சம் ஏறும், ஆனால் சரியான பாரியில் உடையாது.

"டாட்ஜே போதும்" என்றவர் சொன்னது பாதி சரி. பிடித்துத் தூக்கும் அடியை விலகியோ குதித்தோதான் தப்ப முடியும். மற்றபடி நாம் ஒதுங்கி நிற்கும் நேரத்தில் அவன் பாஸ்ச்சர் இறங்கிவிடுகிறது; அவனுக்கு உயிர் நிறைய இருந்தால் இன்னும் வேகமாக.

டார்க் சோல்ஸில் பாரி செய்யப் போய்ச் சாகிறேன் என்று ஒரு நண்பர் புலம்பியிருந்தார். அது வேறு கதை. செகிரோவில் சீக்கிரம் அழுத்திப் பிடித்தால் அது வெறும் பிளாக்காகிவிடும். தாமதித்தால்தான் வெட்டு விழும். அதனால் சந்தேகம் வந்தால் முந்திக்கொள்வதே லாபம். அதற்காக படபடவென்று தட்டினால் பாரிக்கான நேரம் சுருங்கிவிடும். எவ்வளவு இடைவெளி விட்டால் அது பழையபடி விரியும் என்பதில் இருவர் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.