ரேங்க் 31 எப்படி நூறில் கடைசிக்குப் போனது? பணிமூப்புப் பட்டியல் சண்டை

மாதவரம்_மாடிவீடு: நான் 2014ல் டிஎன்பிஎஸ்சி மூலம் நேரடி உதவியாளர். எங்கள் துறையில் திருத்திய தற்காலிகப் பணிமூப்புப் பட்டியல் வந்திருக்கிறது, ரேங்க் வரிசைப்படி நான் ரொம்ப மேலே போய்விட்டேன். எனக்கு மேலே இருந்து இப்போது கீழே இறங்கியவர் 2019லேயே கண்காணிப்பாளர் ஆகிவிட்டார். அவர் ஆட்சேபணை கொடுக்கிறார். நியாயம் யார் பக்கம்?

நேர்மைத்_தராசு: இதில் என்ன கேள்வி? மார்க் அதிகம் வாங்கியவன் மேலே. இடஒதுக்கீடே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று, முடிந்தது கதை.

கோப்புக்காரன்: தராசு சார், பாதி சரி, பாதி தப்பு. ஒதுக்கீட்டை யாரும் தொடவில்லை, வேலைக்கு எடுப்பது இன்றைக்கும் 69 சதவீதத்தின்படிதான். யாருக்கு எந்த இடம் என்று பிரிக்கும் இனச்சுழற்சி வரிசையையே பணிமூப்பு வரிசையாகவும் வைத்துக்கொண்டார்களே, அதைத்தான் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2003ல் பிம்லேஷ் தன்வர் வழக்கிலேயே சொன்ன விஷயம் இது. இங்கே உயர் நீதிமன்றம் 2015ல் அதையே சொன்னது, மேல்முறையீடு 2016 ஜனவரியில் தள்ளுபடி. அதே வருஷம் அரசு பழைய முறையைச் சட்டமாகவே போட்டது. அதன் 40ஆம் பிரிவை 2019ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2021 அக்டோபரில் நீதிமன்ற அவமதிப்பு வழக்கு வரை போனது.

கணக்காகப் பார்த்தால்தான் புரியும். நூறு காலியிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 31 பொதுப்பிரிவு, அதில் யார் வேண்டுமானாலும் வரலாம், அதனால் முதல் 31 ரேங்க்கும் அங்கே போய்விடும். ரேங்க் 31 ஒரு பிசி பையன் என்று வையுங்கள். ரேங்க் 32ம் பிசிதான், அவனுக்கு பிசி ஒதுக்கீட்டின் முதல் இடம். சுழற்சியில் பிசியின் முதல் முறை நாலாவதாக வந்தால் 32க்கு நாலாம் இடம். பொதுப்பிரிவின் 31ஆவது முறையோ பட்டியலின் வாலில்தான் வரும், ஆக 31க்குக் கடைசி வரிசை. ஒரே சமூகம், ஒரு படி கூட வாங்கியவன் தொண்ணூறு சொச்சம் பேருக்குக் கீழே!

நேர்மைத்_தராசு: இது எனக்குத் தெரியாது. நஷ்டப்பட்டது முன்னேறிய வகுப்பு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

பெரம்பூர்_தோழர்: கணக்கு சரிதான், ஆனால் கோப்புக்காரர் இன்னொரு பக்கத்தைச் சொல்லவில்லை. மாநிலத்தில் பதவி உயர்வில் ஒதுக்கீடு கிடையாது. சுழற்சிப் பட்டியல் இருந்ததால்தான் எங்கள் ஆட்கள் சிலர் ஓய்வுக்கு முன்னாடியே மேல் நாற்காலியைப் பார்த்தார்கள். இப்போது நூறு பேரில் 90க்குப் பின்னால் ரேங்க் வாங்கி நுழைந்த பட்டியலினத்தார் கடைசி வரை காத்திருக்க வேண்டியதுதான். இருபத்திரண்டு வயதில் எழுதிய ஒரு பரீட்சை முப்பது வருஷத்துக்கு வரிசை போடுமா? அதுவா தகுதி?

கோப்புக்காரன்: ரேங்க் என்பது வேலைத் திறமை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு வழி பதவி உயர்வில் வெளிப்படையாக ஒதுக்கீடு கேட்பதுதான் என்பது என் கட்சி. 31ஐயும் 32ஐயும் இடம் மாற்றி வைத்துக்கொண்டு அதைச் சாதிக்க முடியாது.

பெரம்பூர்_தோழர்: கேட்டால் கொடுத்துவிடுவார்களா? அதுவரை?

ஆவடி_அக்கா: என் கதை கேளுங்க. குழந்தைக்காக சொந்த விருப்பத்தில் மாறுதல் கேட்டு சென்னைக்கு வந்தேன், பதினோரு வருஷ சர்வீஸை விட்டுட்டு இந்த அலகில் கடைசி ஆளா நிற்கிறேன். இந்தத் தீர்ப்பில் எனக்கு ஏதாவது உண்டா?

கோப்புக்காரன்: இல்லம்மா, அது வேற விவகாரம். சொந்த விருப்ப மாறுதலுக்கு அந்த நிபந்தனையோடுதான் ஆணையே போட்டிருப்பார்கள். எடுத்துப் பாருங்க.

மாதவரம் தம்பி, உங்களுக்கு ஒன்று. பணிமூப்புப் பட்டியலில் மேலே போனதும் பதவி உயர்வு வந்துவிடாது, பதவி உயர்வுக்குத் தகுதியானவர்களின் பேனல் தனி. பேனலுக்கான முக்கிய நாளில் துறைத் தேர்வெல்லாம் முடித்திருக்கிறீர்களா, 17(ஆ) ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை ஏதாவது நிலுவையா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். 2019 பேனலின் முக்கிய நாளில் உங்களுக்குத் தகுதி இருந்ததா?

மாதவரம்_மாடிவீடு: கணக்குத் தேர்வு 2020ல்தான் பாஸ் ஆனேன்.

கோப்புக்காரன்: அப்படியானால் 2019 பேனலில் ரேங்க்படி உங்கள் பெயர் மேலே இருந்திருந்தாலும் உங்களைத் தாண்டித்தான் போயிருப்பார்கள். 'என் இளையவர் முன்னால் போய்விட்டார்' என்று அந்தத் தேதியிலிருந்து கேட்பது கஷ்டம். தேர்வு முடித்த பிறகு வந்த பேனலிலிருந்து கேளுங்கள். டிஎன்பிஎஸ்சி ரேங்க் பட்டியல் நகல், நியமன ஆணை, தேர்ச்சி அறிவிப்பு மூன்றையும் வைத்து, ஆட்சேபணைக்குக் கொடுத்திருக்கும் கெடுவுக்குள் தபால் பிரிவில் முத்திரையோடு ஒப்புகை வாங்கிவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது கோப்பில் ஏறாது.

பெரம்பூர்_தோழர்: கீழே இறங்கியவர்? அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, அரசு போட்ட வரிசையில் போனவர். ஆறு வருஷமாகக் கண்காணிப்பாளர் சம்பளம், வீட்டுக் கடன். அவரை மறுபடி உதவியாளர் சீட்டில் உட்காரச் சொல்வீர்களா?

மாதவரம்_மாடிவீடு: அவர் என் பக்கத்து அறையில்தான் இருக்கிறார் தோழர். நேற்று வரை சேர்ந்துதான் டீக்கு இறங்குவோம்.